பரீட்சை முடிந்த மாலையில் வயலின் வகுப்பு

தை பிறந்ததும் பெற்றோரிடமிருந்து இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே விஷயத்தைக் கேட்கின்றன: பரீட்சை வருகிறது, இசை வகுப்பை என்ன செய்வது? இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் மகள் பத்தாம் வகுப்பு. நான்கு வருஷமாக வயலின் கற்கிறாள், வர்ணம் வரை வந்திருக்கிறாள். சார் திருக்கோவிலூரிலிருந்து பஸ் ஏறி வந்து, புதன் மாலையும் ஞாயிறு காலையும் இங்கே கோயில் பக்கத்தில் ஒரு வீட்டில் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார். அவருக்கு ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன். கொடுக்கும் முன் நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள்.

"மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு வணக்கம். பாப்பாவுக்குப் பப்ளிக் எக்ஸாம் வருகிறது. படிக்க நேரம் போதவில்லை. ஆகவே எக்ஸாம் முடியும் வரை வயலின் வகுப்பை வேறு நேரத்துக்கு மாற்றித் தரும்படியோ, கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கும்படியோ கேட்டுக்கொள்கிறேன். தவறாக நினைக்க வேண்டாம்."
– ஒரு தாய், ரிஷிவந்தியம்

மரியாதைக்கு இந்தக் கடிதத்தில் எந்தக் குறையும் இல்லை. இல்லாதது தேதி. இதைப் படித்ததும் சார் உங்களைக் கூப்பிட்டு நான்கு கேள்வி கேட்க வேண்டியிருக்கும். எந்தத் தேதி வரை? வேறு நேரம் என்றால் எந்த நேரம்? பாப்பாவின் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்க வேண்டுமா? அந்த மாதச் சம்பளம் உண்டா, இல்லையா? அவர் கேட்கக் கூச்சப்படுவார், நீங்கள் சொல்லக் கூச்சப்படுவீர்கள். கடைசியில் வகுப்பு தானாக நின்றுபோகும். நான் பார்த்தவரை பிள்ளைகள் வயலினை விட்டது பெரும்பாலும் இப்படித்தான். யாரும் முடிவெடுத்து விட்டதில்லை.

இன்னொன்று. "வேறு நேரம்" என்று கேட்கும்போது அவருடைய பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் ரிஷிவந்தியத்துக்கு வருவது புதனும் ஞாயிறும் மட்டும். அந்த ஒரே பயணத்தில் ஐந்தாறு பிள்ளைகளைப் பார்த்துவிட்டுப் போகிறார். உங்கள் மகளுக்காக வகுப்பைத் திங்கட்கிழமைக்கு மாற்றினால் ஒரு பிள்ளைக்காக ஒரு தனிப் பயணம். ஆகவே நாளை மாற்றக் கேட்காதீர்கள், நாளுக்குள் மணியை மாற்றக் கேளுங்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை யாராவது பின்னே இருந்தால் இருவருக்கும் இடம் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் பிள்ளையின் அம்மாவிடம் நீங்களே முதலில் பேசிவிடுங்கள். சாருக்கு அந்த வேலை மிச்சம்.

இனி தேதி. 2025 பொதுத்தேர்வு அட்டவணையை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் ஆண்டுக்கான அட்டவணையை எடுத்து இதேபோலப் போட்டுக்கொள்ளுங்கள். 2025இல் பத்தாம் வகுப்புக்கு மார்ச் 28 வெள்ளி தமிழ், ஏப்ரல் 2 புதன் ஆங்கிலம், 7 திங்கள் கணக்கு, 11 வெள்ளி அறிவியல், 15 செவ்வாய் சமூக அறிவியல். இடையில் ஏப்ரல் 4 அன்று விருப்பமொழித் தேர்வு. அது உங்கள் மகளுக்கு இருக்காது என்று எடுத்துக்கொள்கிறேன். புதன், ஞாயிறு வகுப்புகளை இதன் பக்கத்தில் எழுதினால் பரீட்சைக் காலத்தை ஒட்டி வருபவை ஆறு: மார்ச் 26, 30, ஏப்ரல் 2, 6, 9, 13.

மார்ச் 26 தமிழுக்கு இரண்டு நாள் முன்பு. முதல் பரீட்சைப் படபடப்பு இருக்கும், அதை விட்டுவிடலாம். மார்ச் 30 ஞாயிறன்று தமிழ் முடிந்திருக்கும், ஆங்கிலத்துக்கு நடுவில் இரண்டு நாள் இருக்கும். அரைமணி வகுப்பு வைக்கலாம். ஏப்ரல் 2 புதன் ஆங்கிலப் பரீட்சை நாளாயிற்றே என்று பல வீடுகளில் முதலில் அடித்துவிடுவது இந்த வகுப்பைத்தான். ஆனால் பரீட்சை மதியம் ஒன்றே காலுக்கு முடிந்துவிடுகிறது. அடுத்தது திங்கட்கிழமைக் கணக்கு. நடுவில் நான்கு முழு நாள். அந்தப் புதன் மாலைதான் இரண்டரை வாரத்தில் பிள்ளையின் மனம் மிகவும் காலியாக இருக்கும் மாலை. முழு வகுப்பையும் அன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 6 ஞாயிறு கணக்குக்கு முந்தைய நாள், வேண்டவே வேண்டாம். அதே ஞாயிறுதான் அந்த ஆண்டு ராமநவமி. வயலின் வாசிக்கிறவருக்குக் கச்சேரியோ பஜனையோ இருக்கக்கூடிய நாள். உங்களுக்கு வேண்டாத ஞாயிறு அவருக்கும் வேண்டாத ஞாயிறாக இருந்திருக்கும், கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். ஏப்ரல் 9 புதன் அறிவியலுக்கு இரண்டு நாள் முன்பு, அரைமணி போதும். 11ஆம் தேதி அறிவியல் பரீட்சையன்று பங்குனி உத்திரமும் சேர்ந்து வந்தது. அந்த வாரம் கோயில் கச்சேரிக்குப் போகிறவர்கள் யாருமே வகுப்பு நாளை உறுதியாகச் சொல்ல முடியாது. ஆகவே 9ஆம் தேதியை "உங்களுக்கு வசதிப்பட்டால்" என்று எழுதுங்கள். ஏப்ரல் 13 சித்திரை முதல் நாளுக்கு முந்தின ஞாயிறு, செவ்வாயன்று கடைசிப் பரீட்சை. விட்டுவிடலாம். 16 புதனிலிருந்து வழக்கம்போல.

ஆக ஆறில் ஒன்று முழு வகுப்பு, இரண்டு அரை, மூன்று இல்லை. "எக்ஸாம் முடியும் வரை நிறுத்துங்கள்" என்று நீங்கள் எழுதியதற்கு உண்மையான அளவு இவ்வளவுதான். இதை வைத்து உங்கள் கடிதத்தைத் திருப்பி எழுதியிருக்கிறேன்:

"சார் அவர்களுக்கு வணக்கம். பாப்பாவின் பத்தாம் வகுப்புப் பரீட்சை மார்ச் 28இல் தொடங்கி ஏப்ரல் 15இல் முடிகிறது. அட்டவணையை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்ச் 26, ஏப்ரல் 6, 13 ஆகிய மூன்று வகுப்புகளுக்கு அவள் வர இயலாது. மார்ச் 30, ஏப்ரல் 9 அரைமணி மட்டும் போதும். 9ஆம் தேதி பங்குனி உத்திர வாரமாக இருப்பதால் உங்கள் வசதியைப் பார்த்துச் சொல்லுங்கள். ஏப்ரல் 2 புதன் முழு வகுப்புக்கு வருவாள், ஆறு மணிக்கு மேல் வைத்தால் நல்லது. அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளையை முன்னே அனுப்ப அவர்கள் வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். ஏப்ரல் 16 முதல் வழக்கம்போல வருவாள். இரண்டு மாதச் சம்பளமும் முழுதாகத் தந்துவிடுகிறேன். விடுபட்ட வகுப்புகளை உங்களுக்கு ஒழிந்த நாட்களில் மே 10க்குள் எடுத்துத் தந்தால் போதும். இந்த நாட்களில் அவள் வீட்டில் தினமும் எதை வாசிக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்."

ஆறு மணி என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. பேனா பிடிக்கும் கைதான் வில் பிடிக்கும் கை. மூன்று மணி நேரம் எழுதிவிட்டு வந்த பிள்ளையின் வலது கட்டைவிரலும் மணிக்கட்டும் இறுகிப்போயிருக்கும். உடனே வில்லைக் கொடுத்தால் தந்தியை அழுத்துவாள், நாதம் கரகரக்கும், தனக்கு எல்லாம் மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வாள். சாப்பிட்டு, தூங்கி எழுந்து வரட்டும். வந்ததும் விரல் வைக்காமல் வெறுந்தந்தியில் நீள வில்லாகப் பத்து நிமிஷம் போட்டால் கை தளர்ந்துவிடும். இதை உங்கள் சாருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நீங்கள் நேரத்தை ஒதுக்கித் தந்தால் போதும்.

கேள்வி: கடிதத்தை எப்போது கொடுக்க வேண்டும்? – அதே தாய்

பொங்கல் கழிந்த வாரத்தில். 2025 அட்டவணை 2024 அக்டோபர் 14ஆம் தேதியே வெளிவந்துவிட்டது, ஐந்து மாதத்துக்கு மேல் கையில் இருந்தது. மார்ச் 20ஆம் தேதி கொடுக்கப்படும் கடிதத்துக்கு ஆசிரியர் எப்படி ஏற்பாடு செய்வார்? திருப்புதல் தேர்வு, பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு என்று பள்ளியின் நெருக்கடி ஜனவரியிலேயே தொடங்கிவிடுகிறது. செய்முறைத் தேர்வுத் தேதியைப் பள்ளியில் கேட்டு அதையும் கடிதத்தில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: இரண்டு மாதம் முழுசாக நிறுத்தினால்தான் என்ன? மே மாதம் லீவில் பிடித்துக்கொள்ள முடியாதா? – ஒரு தந்தை, தியாகதுருகம்

பிடித்துக்கொள்ளலாம். ஆனால் எது போகிறது என்று தெரிந்துகொண்டு நிறுத்துங்கள். பாட்டு மறக்காது. நான்கு வருஷம் கற்ற பிள்ளைக்கு வர்ணத்தின் ஸ்வரம் வாயில் வந்துவிடும். முதலில் போவது இடது கையின் இடம். வயலினில் வீணைபோல மெட்டு கிடையாது. விரல் விழும் இடத்தைக் காதும் கையும் சேர்ந்து தினம் தினம் சரிபார்த்து வைத்திருக்க வேண்டும். இரண்டு வாரம் தொடாமல் இருந்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கீழ் ஸ்தாயியில் பெரிய குற்றம் தெரியாது. தாரஸ்தாயிக்குக் கை ஏறும்போது ஸ்வரம் ஒரு மயிரிழை கீழே நிற்கும், பிள்ளை இழுத்துச் சரிசெய்வாள். அந்த இழுப்பு உங்கள் காதிலேயே விழும்.

அடுத்தது விரல்நுனி. காய்த்துப்போன தோல் இளகிவிட்டால் திரும்ப வாசிக்கத் தொடங்கும் முதல் வாரம் வலிக்கும். வலிக்கும் விரலை அழுத்தாமல் வைப்பாள், நாதம் கம்மும். வலியும் கம்மிய நாதமும் சேர்ந்து வரும் அந்த முதல் வாரத்தில்தான் "எனக்கு வரவில்லை" என்று ஒரு பிள்ளை வயலினை மூடுகிறாள். மே மாதத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைக்கும் அப்பாக்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது இந்த வாரத்தைத்தான். தினம் இருபது நிமிஷம் வாசித்து வந்தால் இதில் பெரும்பகுதியைத் தவிர்க்கலாம்.

கேள்வி: அந்த இருபது நிமிஷத்தில் என்ன வாசிப்பது? எந்த நேரத்தில்? – ஒரு மாணவி, திருக்கோவிலூர்

முதல் ஐந்து நிமிஷம் வெறுந்தந்தியில் நீள வில். ஒரு வில்லுக்கு எட்டு எண்ணிக்கை, வில்லின் அடி முதல் நுனி வரை. அடுத்த ஐந்து நிமிஷம் மாயாமாளவகௌளையில் இரண்டே இரண்டு ஜண்டை வரிசை, மத்திம காலத்துக்கு மேல் போக வேண்டாம். மிச்சம் பத்து நிமிஷம் ஏற்கெனவே நன்றாக வரும் ஒரு வர்ணம், முதல் காலத்தில் மட்டும். நேரம் முடிந்தால் பாதியில் நிறுத்திவிடு, மறுநாள் அந்த இடத்திலிருந்து எடு.

புதிய பாடம் எதையும் மார்ச்சில் தொடாதே. வரும் பாட்டைக் கை வாசித்துக்கொள்ளும். புதிய கீர்த்தனை என்றால் படிக்க உட்கார்ந்த பிறகும் அதன் சங்கதி மனதுக்குள் ஓடிக்கொண்டே இருக்கும், அமிலம் காரம் பாடத்துக்கு நடுவில் வந்து நிற்கும். உன் ஆசிரியர் உற்சாகத்தில் புதிய பாட்டு தொடங்கினால் "ஏப்ரலில் எடுத்துக்கொள்கிறேன் சார்" என்று நீயே சொல்லலாம். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நேரம், பள்ளி விட்டு வந்து முகம் கழுவிய பிறகு, புத்தகத்தை எடுக்கும் முன். படிப்புக்கு நடுவில் "ஓய்வாக" வாசிக்கிறேன் என்று வைத்துக்கொண்டால் இருபது நிமிஷம் ஐம்பதாகும், அம்மா கதவைத் தட்டுவார்.

கேள்வி: வராத வகுப்புக்கு எதற்குச் சம்பளம்? – ஒரு வாசகர், சின்னசேலம்

நேரத்துக்கு. உங்கள் பிள்ளைக்கென்று அவர் ஒதுக்கி வைத்த புதன் ஆறு மணியை வேறு பிள்ளைக்குக் கொடுத்திருந்தால் அவருக்கு ஜூன் வரை வருமானம் வந்திருக்கும். நீங்கள் திரும்பி வரும்போது அந்த ஆறு மணி காலியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள் அல்லவா? அதற்குத்தான்.

ரிஷிவந்தியத்துத் தாய்க்குச் சொன்ன கணக்கையே இங்கே போடுகிறேன். ஆறு வகுப்பில் ஒன்று முழுது, இரண்டு அரை. சேர்த்தால் இரண்டு வகுப்பு நடந்தது, நான்கு பாக்கி. முழுச் சம்பளம் கொடுத்துவிட்டு அந்த நான்கையும் பரீட்சைக்குப் பின் வாங்கிக்கொள்வது இருவருக்கும் நேர்மையான ஏற்பாடு. மே 10 என்று ஒரு தேதி வைத்ததற்குக் காரணம், கோடை விடுமுறை தொடங்கினால் புதுப்பிள்ளைகள் வந்து சேருவார்கள், வைகாசி முகூர்த்தங்களும் வந்துவிடும். அதற்குப் பின் பாக்கி வகுப்புக்கு அவரிடம் நேரம் இருக்காது. நீங்களும் ஜூனில் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அலைந்துகொண்டிருப்பீர்கள்.

கையில் பணம் இல்லை என்றால் மறைக்காதீர்கள். "இந்த மாதம் பாதிதான் தர முடியும், பாக்கி வகுப்பும் வேண்டாம்" என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். அவருக்குத் தேவை தொகையை முன்கூட்டித் தெரிந்துகொள்வது. ஒன்றும் சொல்லாமல் மார்ச் முழுவதும் வராமல் இருந்துவிட்டு ஏப்ரலில் வந்து நிற்பதுதான் ஆசிரியர்களை உடைக்கிறது.

கேள்வி: நான் வாய்ப்பாட்டும் கீபோர்டும் சொல்லித் தருகிறேன். பிப்ரவரி வந்தால் ஒரே வாரத்தில் பாதிப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். வீட்டு வாடகை நிற்பதில்லையே! – ஓர் ஆசிரியை, சங்கராபுரம்

உங்கள் கஷ்டம் எனக்கு நன்றாகப் புரிகிறது. பெற்றோரின் கடிதத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே முந்திக்கொள்ளுங்கள். அட்டவணை வெளிவந்த வாரத்தில் பத்து, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் கொடுங்கள். அவர்களுடைய வகுப்பு நாட்களை நீங்களே எழுதி, எதிரே "முழுது, அரை, இல்லை" என்று மூன்று கட்டம் போட்டுப் பெற்றோரிடம் நிரப்பி வாங்குங்கள். கேட்டால் பாதிப் பெற்றோர் "இல்லை" என்று எல்லாவற்றிலும் போடுவார்கள் என்று பயப்படுகிறீர்கள். எனக்குத் தெரிந்தவரை தேதியைக் கண்ணால் பார்த்தவர்கள் எல்லாவற்றையும் அடிப்பதில்லை. தேதி தெரியாத பயத்தில்தான் மொத்தமாக நிறுத்துகிறார்கள்.

உங்கள் பக்கத்திலும் ஒரு வேலை இருக்கிறது. பள்ளி ஆண்டு விழா, கோயில் விழா என்று பிள்ளைகளைப் பாட வைக்கும் நிகழ்ச்சி எதையும் பிப்ரவரி, மார்ச்சில் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். ஒத்திகை என்று வாரம் மூன்று மாலை போனால் பெற்றோருக்கு வகுப்பின் மீதே கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமானது. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மேடைக்கு அனுப்புங்கள். காலியாகும் மாலை நேரமும் அவர்களுக்கே பயன்படட்டும், அந்த இரண்டு மாதத்தில் அவர்களை ஒரு படி மேலே கொண்டுவந்துவிடலாம்.

கேள்வி: நான் வெள்ளிமலையில் இருக்கிறேன். பையன் கள்ளக்குறிச்சிக்குப் போய் மிருதங்கம் கற்றான். பரீட்சைக்காகப் பஸ் பயணத்தை நிறுத்திவிட்டு வீடியோ காலில் வைத்துக்கொள்ளலாம் என்றால் மலையில் சிக்னல் விட்டு விட்டு வருகிறது. – ஒரு தந்தை, கல்வராயன் மலை

நல்ல சிக்னல் இருந்தாலும் வீடியோ காலில் ஆசிரியரும் மாணவனும் சேர்ந்து தாளம் போட முடியாது. அவர் தட்டுவது இவனுக்குச் சற்றுப் பிந்தித்தான் கேட்கும், இவன் வாசிப்பது அவருக்கு இன்னும் பிந்தும். மிருதங்கத்துக்கு அந்தத் தாமதமே போதும், பாடம் நடக்காது. பேசாமல் ஒலிப்பதிவுக்கு மாறிவிடுங்கள். பையன் வாரத்துக்கு ஒருமுறை ஆதி தாளத்தில் ஒரு கோர்வையையோ ஒரு மோராவையோ இரண்டு நிமிஷம் வாசித்துப் பதிவு செய்யட்டும். சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு நீங்கள் போகும்போது அனுப்புங்கள். ஆசிரியர் கேட்டுவிட்டு, எந்த இடத்தில் ஓடுகிறான், எந்தச் சொல் தெளிவில்லை என்று குரலிலேயே பதில் போடுவார். பதிவு செய்யும்போது போனைத் தொப்பிப் பக்கம் வைக்காதீர்கள், வலந்தலைச் சொல் எதுவும் தெரியாது. நேர் எதிரே நாலடி தள்ளி வையுங்கள்.

இப்படி ஒரு மாதம் ஓடும். அதற்கு மேல் வேண்டாம், கை வைக்கும் முறையில் நுழையும் பிழையை ஒலிப்பதிவு காட்டாது.

கேள்வி: என் மகன் தவில் கற்கிறான். அவனுக்குப் பரீட்சை இல்லை, எதிர்வீட்டுப் பிள்ளைக்குப் பிளஸ் டூ. அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. – ஒரு தாய், உளுந்தூர்பேட்டை

அவர்கள் சொல்லும் முன் நீங்கள் போய்க் கேளுங்கள்: "பாப்பா எந்த நேரத்தில் படிக்கிறாள்?" அந்த நேரத்தில் பையன் சொற்கட்டை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டுப் பழகட்டும். தவிலில் வாயில் தெளிவாக வராத சொல் கையிலும் வராது, ஆகவே அவனுக்கு இதில் நஷ்டம் இல்லை. தவிலை எடுக்கும் நேரத்தை அவள் பரீட்சை எழுதப் போயிருக்கும் காலைக்கு வைத்துக்கொள்ளலாம், அவனுக்குப் பள்ளி இல்லாத நாளாக இருந்தால்.

கேள்வி: இசை படித்தால் மார்க் கூடும் என்கிறார்களே, அதைச் சொல்லி அப்பாவைச் சம்மதிக்க வைக்கலாமா? – ஒரு மாணவன், கள்ளக்குறிச்சி

வேண்டாம் தம்பி. 1993இல் 'நேச்சர்' இதழில் வந்த ஓர் ஆய்வுதான் இந்தப் பேச்சுக்கெல்லாம் தொடக்கம். கல்லூரி மாணவர்கள் பத்து நிமிஷம் மொசார்ட் கேட்டதும் வடிவங்களை மனதில் மடித்துப் பார்க்கும் ஒருவகைக் கணக்கில் சற்று நன்றாகச் செய்தார்கள். அந்தப் பயன் கால்மணி நேரத்தைக்கூடத் தாண்டவில்லை. அது கேட்டது பற்றிய ஆய்வு, கற்றது பற்றியதல்ல. 2004இல் கனடாவில் கிளென் ஷெல்லன்பெர்க் ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரை வைத்துப் பார்த்தார். ஓர் ஆண்டு இசை கற்றவர்களுக்கு நுண்ணறிவு மதிப்பெண் மற்றவர்களைவிட மூன்று புள்ளிக்கும் குறைவாகவே கூடுதலாக ஏறியது. பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளில் இதை வைத்து ஒரு மார்க் கூட வாங்க முடியாது.

அப்பாவிடம் உண்மையைச் சொல். இருபது நிமிஷம்தான் வாசிப்பேன், அதற்கு மேல் போனால் வயலினை எடுத்து வைத்துவிடுங்கள் என்று சொல். மார்க் கூடும் என்று வாக்குக் கொடுத்தால், ஒரு பாடத்தில் குறைந்ததும் பழி வயலின் மேல் விழும்.

கேள்வி: பிளஸ் டூவுக்கும் இதே கணக்கு பொருந்துமா? – ஒரு தாய், மணலூர்ப்பேட்டை

பொருந்தாது. 2025இல் பிளஸ் டூ தேர்வு மார்ச் 3இல் தொடங்கி 25இல் முடிந்தது. ஆனால் அறிவியல் பிரிவுப் பிள்ளைக்கு அதோடு முடியவில்லை, மே 4 ஞாயிறன்று நீட் தேர்வு. பிப்ரவரி செய்முறையிலிருந்து எண்ணினால் மூன்று மாதம். மூன்று மாதத்துக்கு நாள் நாளாக அட்டவணை போட முடியாது. பதினைந்து நாளுக்கு ஒரு வகுப்பு, அதுவும் ஞாயிறு காலை, என்று ஆசிரியரிடம் ஒரே ஏற்பாடாகக் கேளுங்கள். நீட் எழுதாத பிள்ளை என்றால் மார்ச் கடைசி வாரமே வகுப்புக்குத் திரும்பிவிடலாம், அதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

கேள்வி: கொஞ்ச நாள் வாசிக்கப்போவதில்லை என்று முடிவாகிவிட்டது. வயலினை எப்படி வைப்பது? தந்தியை எல்லாம் தளர்த்திவிடச் சொல்கிறார்கள். – ஒரு தந்தை, ரிஷிவந்தியம்

தளர்த்தாதீர்கள். நான்கு தந்தியின் அழுத்தத்தில்தான் குதிரை நிற்கிறது. வயலினின் வயிற்றுக்குள் மேல்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவே ஒரு சிறு குச்சி நிற்கிறது, அதையும் பிடித்து வைத்திருப்பது அதே அழுத்தம்தான். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் குதிரை சாயும், உள்ளே இருக்கும் குச்சி விழும். அதைத் திரும்ப நிறுத்த நல்ல ரிப்பேர்காரரைத் தேடிப் போக வேண்டும். வேண்டுமானால் நான்கையும் அரைக் கட்டை இறக்கி வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

வில் வேறு. அதன் ரோமத்தை மட்டும் நன்றாகத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் குச்சி வளைந்தபடியே நின்றுவிடும். தந்தியில் படிந்த ரோசின் பொடியை உலர்ந்த துணியால் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். பெட்டியைத் தகரக் கூரைக்குக் கீழே பரண் மேல் போடாதீர்கள். பங்குனி வெயிலில் நம் பக்கத்துப் பரண் எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மரம் காய்ந்து பிரடை நழுவும், ஒட்டிய விளிம்பு பிரியும். கட்டிலுக்கு அடியில், சுவர் ஈரம் படாத பக்கம் வைத்தால் போதும். வாரத்துக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து பாருங்கள். குதிரை செங்குத்தாக நிற்கிறதா, வெறுந்தந்தியை மீட்டினால் எங்காவது சலசலப்பு கேட்கிறதா என்று கவனியுங்கள். சலசலப்பு கேட்டால் விளிம்பு பிரிந்திருக்கலாம். ஒட்ட முயலாமல் சாரிடம் காட்டுங்கள். வீட்டுப் பசை போட்டு ஒட்டினால் பின்னால் பிரிக்கும்போது பலகையே கிழியும்.

இவ்வளவு பார்த்து வைப்பதற்குப் பதில் பிள்ளையை இருபது நிமிஷம் வாசிக்க விட்டுவிடலாமே என்று தோன்றினால், சாரிடம் கடிதம் கொடுத்திருந்தால் அதைத் திரும்ப வாங்கி, இந்தப் பக்கத்தின் தொடக்கத்தில் உங்கள் ஊர்த் தாய்க்காக நான் திருப்பி எழுதியதைப் பார்த்து இன்னொன்று எழுதுங்கள்.